முதல் வரியில் இருந்த சொல்

பென்சிலால் எண்ணுவது என் பிழைப்பு. ஈரோட்டில், பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு மேல்மாடியில், ஆலைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு சிறு கன்சல்டன்சி. எட்டு வருடமாக அங்கே மற்றவர்களின் வாழ்க்கையை இரண்டு பக்கத்துக்குள் தட்டச்சு செய்கிறேன். பெருந்துறையில் பேருந்து ஏறி, ஜன்னலோரம் கிடைத்தால் வெயிலையும் கிடைக்காவிட்டால் பிறர் முழங்கையையும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வேன். போனதும் முதல் வேலை, அன்றைக்கு வந்திருக்கும் வேலை விளம்பரங்களைத் தாளில் எடுப்பது. திரையில் படித்தால் எனக்கு எண்ண வராது. தாள் வேண்டும், பென்சில் வேண்டும், அதைவிடப் பத்து நிமிடம் யாரும் பேசாமல் இருக்க வேண்டும்.

விளம்பரத்தின் தலைப் பத்தியை நான் படிப்பதில்லை. ‘எங்கள் நிறுவனம் ஒரு குடும்பம்’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். கடைசிப் பத்தியும் அப்படியே, ஒரு விளம்பரத்திலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டியது. நடுவில்தான் விஷயம் இருக்கும். செய்ய வேண்டிய வேலைகள் என்று ஒரு பட்டியல், இருக்க வேண்டிய தகுதிகள் என்று ஒரு பட்டியல். வேலைப் பட்டியலில் முதல் இரண்டு வரிகளுக்கு அடிக்கோடு. பிறகு எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்கு ஓரத்தில் ஒரு கோடு. ஒரே அர்த்தமுள்ள சொற்களை ஒரே கணக்கில் சேர்க்க வேண்டும். ரிப்போர்ட் என்றும் ரெக்கார்டு என்றும் ரிஜிஸ்டர் என்றும் மாற்றி மாற்றி எழுதியிருப்பார்கள், மூன்றும் ஒன்றுதான். வேலைப் பட்டியலின் மேலேயும் நின்று, தகுதிப் பட்டியலிலும் ‘கட்டாயம்’ என்ற அடைமொழியோடு மறுபடி வந்தால், அதற்காகத்தான் ஆள் தேடுகிறார்கள். ஒரே ஒரு தடவை, கடைசியில், ‘இருந்தால் நல்லது’ என்று வருவது கறிவேப்பிலை.

எண்ணி முடித்ததும் மேலே நிற்கும் மூன்றை எடுத்துக்கொள்வேன். வந்தவருடைய அனுபவத்தில் அந்த மூன்றுக்கும் உண்மையிலேயே என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, அதை அதே வரிசையில் தாளின் உச்சியில் வைப்பேன். இல்லாததை எழுத மாட்டேன். இருப்பதை இடம் மாற்றுவேன், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை வைத்து எத்தனையோ பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் ஓனர் இதை ஜோசியம் என்பார். “ஏனுங்கம்மணி, கட்டத்தப் போட்டாச்சுங்களா? ஏழரை எங்க நிக்குது?” என்பார். நானும் சிரித்துக்கொண்டே கோடு போடுவேன்.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் ஒரு சாயப்பட்டறையில் இருந்தார். கடைசி ஆறு வருடம் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் பிளாண்ட்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஒரு வியாழக்கிழமை பட்டறையை மூடினார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது விரல் நகங்களில் நீலம் இருந்தது. அது போக ஒரு மாதம் ஆனது. நகம் வெளுக்க வெளுக்க அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

நாலு மாதம் அவராகவே விண்ணப்பம் போட்டார். என்னிடம் கேட்கவில்லை. மனைவி கையால் தட்டச்சாகி வேலைக்குப் போவதா என்று இருந்திருக்கும். ஒருநாள் அவர் அனுப்பியதை எதேச்சையாகப் பார்த்தேன். முதல் வரியில் ‘இந்தி நன்றாகப் பேசுவேன்’ என்று இருந்தது.

“இதென்னுங்க, இந்திய மேல தூக்கி வெச்சிருக்கீங்க?”

“விளம்பரத்துல கடைசி வரில கேட்டிருக்கறானே.”

“கடைசி வரில கேட்டா?”

“நம்மூரு மேடையில பெரிய ஆளு எப்பப் பேசுவாரு? கடைசியாத்தான? முன்னாடி பேசறவனெல்லாம் சால்வை போடறவன். முக்கியமானதக் கடைசிலதான் வெப்பாங்க.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. மில் திறப்பு விழா, கோயில் கமிட்டி, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று வாழ்நாளெல்லாம் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, தலைமை விருந்தினர் பேச எழும்வரை காத்திருந்த மனிதர். நாலு மாதமாக அதே பொறுமையோடு ஒவ்வொரு விளம்பரத்தின் கடைசி வரிவரைக்கும் காத்திருந்து, அங்கே நின்ற கறிவேப்பிலையை எடுத்து மாலை போட்டிருக்கிறார். பட்டறையில் வடக்கத்திக்காரர்களோடு பழகி வந்த இந்தி அது. “ஜல்தி, பானி, பந்த் கரோ. இதுக்கு மேல உங்களுக்கு என்ன தெரியும்?” என்றேன். “அது போதும், பட்டறைய நடத்தீரலாம்” என்றார். அப்போது அவரும் சிரித்தார். நாலு மாதத்தில் அது முதல் சிரிப்பு.

அந்த வாரம்தான் அந்த விளம்பரம் வந்தது. பெருந்துறைப் பக்கத்திலேயே, துணிக்குச் சாயமேற்றும் ஒரு பெரிய பிராசஸிங் யூனிட். சுத்திகரிப்பு பிளாண்ட்டுக்கு ஷிப்ட் பொறுப்பாளர் வேண்டும். வீட்டிலிருந்து டூவீலரில் போகிற தூரம். ஆபீசில் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கோடு போட்டேன். வேலைப் பட்டியலின் முதல் வரி: ‘மூடிய தொட்டிகளுக்குள் ஆள் இறங்கும்போது பாதுகாப்பை மேற்பார்வை செய்தல்’. இரண்டாம் வரி: ‘இறங்குவதற்கு முன் வாயுச் சோதனை, எழுத்து அனுமதி’. நாலாவதில் பாதுகாப்பு. ஆறாவதில் அவசர மீட்பு. தகுதியில் ‘கட்டாயம்’ என்று போட்டு மறுபடி பாதுகாப்புப் பயிற்சி. பாதுகாப்பு, அனுமதி, மீட்பு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்தேன். ஓரத்தில் ஏழு கோடு விழுந்தது. பிளாண்ட்டை ஓட்டுவது, ரசாயனம் கலப்பது, தண்ணீரின் தரம் பார்ப்பது எல்லாம் கீழே ஒவ்வொரு தடவை.

இவ்வளவு தெளிவான விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை எழுதத்தான் இப்போது கை கூசுகிறது.

வீட்டுக்கு வந்து அவரை உட்கார வைத்து விசாரித்தேன், யாரோ போல. தொட்டிக்குள் ஆள் இறக்கியிருக்கிறீர்களா? வருடத்துக்கு ரெண்டு தடவை, சேறு வாருவதற்கு. எப்படி? முந்தின நாளே மூடியைத் திறந்து காற்று விட்டு, ஊதுகுழாய் போட்டு, விஷவாயு பார்க்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்கிப் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டித்தான் ஆள் இறங்குவான், மேலே ஒருத்தன் அந்த இடத்தை விட்டு நகராமல் நிற்பான். பயிற்சி? ஒருநாள் போயிருக்கிறார், சான்றிதழ் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. இருபத்திரண்டு வருடச் சாயத்தைப் பக்கத்தின் அடிக்குத் தள்ளினேன். வருடத்துக்கு இரண்டு நாள் செய்ததை உச்சியில் வைத்தேன். அத்தனையும் உண்மை. வரிசை மட்டும் என்னுடையது.

நேர்காணல் முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றாமலே சொன்னார். “அரை மணி நேரம், அந்த ஒண்ணையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டானுங்க. மூடியத் தொறந்ததும் என்ன பண்ணுவீங்க, ஒருத்தன் உள்ள மயங்கி உளுந்துட்டா அடுத்தவன என்ன பண்ணுவீங்கன்னு. உன்ற பென்சிலுக்குப் பொங்கல் வெக்கோணும்.”

அடுத்தவனை என்ன செய்வீர்கள். அந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. நான் சேமியா பாயசம் வைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அவர் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார். கழிவுநீர் சேரும் தொட்டிக்கு மேலே புதுசாகக் கம்பி மூடி போட்டு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்களாம். அதன் மூலையில் ஒரு காய்ந்த மாலை. டீ நேரத்தில் யாரும் அந்தப் பக்கம் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறார். ஒடிசா பையன் ஒருவன் சேறு வார இறங்கி விழுந்திருக்கிறான், அவனைத் தூக்க அவன் அண்ணன் கயிறு இல்லாமல் குதித்திருக்கிறான். இரண்டு பேரும் போய்விட்டார்கள். முந்தைய பொறுப்பாளர் மேல் வழக்கு. அதனால்தான் அந்த நாற்காலி காலி.

“அந்த வாசம் இருக்கு பாரு, அழுகுன முட்டை நாத்தம்” என்றார். “நாத்தம் இருக்கற வரைக்கும் பரவால்ல. திடீர்னு நாத்தம் தெரியாமப் போச்சுன்னாத்தான் மோசம். மூக்கு செத்துப்போகும், அதுக்கப்பறம் ஆளு.”

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அடிபட்ட இடத்துக்குக் கை தானாகப் போகுமே, அப்படிப் போன கைதான் அந்த விளம்பரத்தை எழுதியிருக்கிறது. ஏழு தடவை அதே இடத்தைத் தொட்டிருக்கிறது. நான் ஏழு என்று எண்ணினேன், மதிப்பெண் போட்டேன், பாயசம் வைத்தேன்.

பத்து மாதம் போனது. முதல் மாதங்களில் எல்லாம் சரியாக நடந்தது. புது மீட்டர், புதுக் கயிறு, அனுமதிப் படிவம் மூன்று நிறத்தில். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர்கள் வருவது குறைந்தது. மீட்டரைச் சரிபார்க்க அனுப்பினார்கள்; அது திரும்பவில்லை. காய்ந்த மாலையை யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். மஞ்சள் பெயின்ட்டின் மேல் சேறு ஏறியது. அவர் தினமும் மீட்டரைக் கேட்டார். தினமும் “நாளைக்கு வந்துரும்”.

ஒரு திங்கட்கிழமை காலையில் தொட்டி அடைத்துக்கொண்டது. தண்ணீர் எதிர்த்து வந்தால் சாயப் பகுதி முழுக்க நிற்க வேண்டும். மேனேஜர் அனுமதிப் படிவத்தோடு வந்திருக்கிறார். வீட்டுக்காரர் வந்து எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“போன தடவ எடுத்த ரீடிங் இருக்குதுங்களே, அதையே போட்டுக் கையெழுத்து வெச்சுடுங்க. பத்து நிமிச வேலைங்க.”

“மீட்டர் இல்லாம ஆள எறக்க முடியாதுங்க.”

“அண்ணா, உங்களுக்குச் சம்பளம் பிளாண்ட்ட ஓட்டறதுக்குங்களா, நிறுத்தறதுக்குங்களா?”

“நீங்க போட்ட விளம்பரத்துல மொத வரில என்னுங்க எழுதியிருந்துச்சு?”

கையுறை மாட்டிய இரண்டு பேரை மேனேஜர் மூடியைத் திறக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் போய் அந்த மூடியின் மேலே உட்கார்ந்துகொண்டார். யாரும் உட்காராத இடம். ஷிப்ட் முடியும்வரை அங்கேயே இருந்தார். வெயிலில் கம்பி சுட்டிருக்கிறது. தொடையில் கோடு கோடாகச் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு யாரும் இறங்கவில்லை. வெளியிலிருந்து லாரி வரவழைத்து உறிஞ்சி எடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்கே டூவீலர் சத்தம் வாசலில் கேட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே யூனிட்டின் அதே வேலைக்கான விளம்பரம் எங்கள் ஆபீசுக்கே வந்தது. “ரெண்டு நாள்ல ஆள் வேணுங்கறாங்க. நம்மளோட சேத்து இன்னும் மூணு ஏஜென்சிக்குக் குடுத்திருக்காங்களாம்” என்றார் ஓனர். என் வீட்டுக்காரர் அங்கே இருந்தது அவருக்குத் தெரியும். தாளை என் மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

பழைய விளம்பரம் என் இழுப்பறையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கோடு போட்டேன். புதிய பட்டியலில் முதல் வரி: ‘பிளாண்ட்டைத் தடையின்றி இயக்குதல்’. இரண்டாம் வரி: ‘உற்பத்தி நிற்காதபடி கழிவுநீர் அளவைக் கையாளுதல்’. தடையின்றி, நிற்காமல், தொடர்ந்து, இடைவிடாமல். ஒரே கணக்கில் சேர்த்தால் ஆறு. ‘அழுத்தத்தில் பணிபுரியும் மனநிலை’ கட்டாயம். பாதுகாப்பு என்ற சொல்லைத் தேடிக்கொண்டே போனேன். இருந்தது. கடைசிப் பத்தியில், எல்லா விளம்பரத்திலும் வெட்டி ஒட்டும் இடத்தில், ‘நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும்’ என்று ஒரு தடவை. மூடிய தொட்டி என்ற சொல்லே இல்லை. பத்து மாதத்தில் புண் ஆறிவிட்டது, கை அங்கே போகவில்லை. தொட்டி அதே தொட்டி.

மறுநாள் கொடுமுடிப் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். வேறொரு யூனிட்டில் ஏழு வருடம் சுத்திகரிப்பு பிளாண்ட் ஓட்டியவர். அப்பா அம்மா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய் டிப்ளமோ படிக்க வைத்தார்களாம். வேலை போய் எட்டு மாதம். சான்றிதழ்களைத் துணிக்கடைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார், ஓரம் மடங்கிவிடாமல். ஏழு வருடத்தில் பிளாண்ட் ஒருநாள்கூட நின்றதில்லை என்று பழைய முதலாளி எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று. அந்த விளம்பரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அந்தக் கடிதத்தை முதல் வரியாக வைத்தால் போதும்.

நான் பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னேன். அங்கே அந்தத் தொட்டியில் இரண்டு பேர் போனார்கள். என் வீட்டுக்காரரை ஏன் வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் இருந்தவரைக்கும் மீட்டர் திரும்பி வரவில்லை.

“தெரியுமுங்க மேடம்” என்றார். “அந்தப் பசங்களத் தூக்கிட்டு வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் எங்கூருதானுங்க.”

“தெரிஞ்சுமா?”

“எட்டு மாசமுங்க. ஊட்டுல இருந்து பாருங்க, எந்தத் தொட்டியும் தேவலைன்னு இருக்கும்.”

அவர் மனைவி சட்டென்று சொன்னார். “கையெழுத்து போடறவருதானுங்களே இவரு. எறங்கறது வேற ஆளுங்கதானுங்களே.” சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். கீழே கடையில் ஏதோ ஒரு செல்போனின் மணியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், திரும்பத் திரும்ப ஒரே ராகம்.

“எத மேல போடறீங்களோ போடுங்க மேடம். உங்க கை ராசின்னு சொன்னாங்க.”

அவருடைய சான்றிதழ்களில் ஒன்று மூன்று நாள் பயிற்சி, மூடிய தொட்டியில் இறங்குவதும் மீட்பதும். என் விதிப்படி அது இந்த விளம்பரத்தில் கடைசிக்குப் போக வேண்டும். நான் அதை உச்சியில் வைத்தேன். அனுமதி இல்லாமல் ஆள் இறக்கியதில்லை என்று அவர் சொன்னதை இரண்டாம் வரியாக வைத்தேன். மூன்றாவதிலும் பாதுகாப்பு. நிற்காமல் ஓடிய ஏழு வருடத்தை இரண்டாம் பக்கத்தின் அடியில், மொழிகளுக்கும் பொழுதுபோக்குக்கும் நடுவில் வைத்தேன். எதுவும் பொய்யில்லை. படித்துப் பார்த்தார். “நல்லா இருக்குதுங்க மேடம்” என்றார். வேகமாக ஓட்ட ஆள் தேடுகிறவன் இந்தத் தாளின் முதல் மூன்று வரியைப் பார்த்ததும் அடுத்த தாளுக்குப் போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அவரை அழைக்கவில்லை. அந்த வாரமே வேறு ஏஜென்சி மூலமாக யாரையோ எடுத்துக்கொண்டார்கள். “ஜோசியம் பொய்ச்சுப்போச்சுங்களே அம்மணி” என்றார் ஓனர். நான் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன். அங்கே விளம்பரம் எதுவும் இல்லை, ஒருத்தர் சொல்லி ஒருத்தர் சேர்வது. கேட்டுவிட்டு நகத்தைப் பார்த்தார்.

“அந்த ஆளு மூணு நாள் டிரெய்னிங் எடுத்தவன்னு சொன்னியே?”

“ஆமா.”

“இப்பப் போயிருக்கறவன்?”

எனக்குத் தெரியாது. அவனுடைய தாளை நான் தட்டச்சு செய்யவில்லை.

கொடுமுடிக்காரர் திங்கட்கிழமை தோறும் போன் செய்கிறார். பத்து மணிக்கு மேல், நான் மேசைக்கு வந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கும் நேரம். “ஏனுங்க மேடம், எதாச்சும் வந்துச்சுங்களா?” என்பார். “இன்னும் வரலீங்க. வந்தா நானே கூப்பிடறேனுங்க” என்பேன். “செரிங்க மேடம். வெக்கட்டுங்களா?” என்பார்.

கேட்டுவிட்டு வைக்க மாட்டார். நானும் வைப்பதில்லை.